நகல் யாருக்கு, எதற்கு?

பீர்க்கன்கரணையில் எங்கள் தெருவில் மழைநீர் வடிகால் வேலை பாதியில் நின்று மூன்று மாதம் ஆகியிருந்தது. தோண்டிய பள்ளத்தின் வழியில் ஒரு மின்கம்பம். கம்பத்துக்கு இந்தப் பக்கம் வரை கான்கிரீட் போட்டாயிற்று. அந்தப் பக்கம் வெறும் பள்ளம். ஒரு நல்ல மழை பெய்தால் தண்ணீர் முதலில் நுழையப்போவது எங்கள் வீட்டு வாசலில்தான் என்பதால், குடியிருப்போர் சங்கத்தின் சார்பில் மெயில் எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. 'பத்திரிகையில வேலை பாக்கிற பொண்ணு, நல்லா எழுதும்' என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்துவிட்டார்கள்.

நானும் நன்றாகத்தான் எழுதினேன். நான்கு பத்தி, ஆறு புகைப்படம். அனுப்பும்போதுதான் கையை அகலமாக விரித்துவிட்டேன். இணையத்தில் கிடைத்த முகவரிகள், சங்கத்து ஆட்கள் கொடுத்த முகவரிகள் என்று மொத்தம் பதினெட்டு. ஐந்து அலுவலகங்களை To-வில் போட்டேன். மீதி பதின்மூன்றையும் Cc-யில் போட்டேன். இத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் யாராவது ஒருவர் அசைவார் என்பது என் கணக்கு.

யாரும் அசையவில்லை. இரண்டு வாரம் கழித்து ஒரே ஒரு பதில் வந்தது: 'தங்கள் மின்னஞ்சல் கிடைத்தது. இது தொடர்பாக எங்களிடமிருந்து என்ன எதிர்பார்க்கப்படுகிறது எனத் தெரிவிக்கவும்.'

எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடு சங்கச் செயலாளர் வீட்டுக்குப் போனேன். அவர் அரசு அலுவலகத்தில் தட்டச்சராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவர். நாங்கள் எல்லோரும் 'சார்' என்றுதான் கூப்பிடுவோம். என் மெயிலை மேலிருந்து கீழே ஒருமுறை படித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"லெட்டர் நல்லா இருக்கும்மா. ஆனா பதினெட்டு பேருக்கு நகல் போட்டிருக்கே, எதுக்கு யாருக்குன்னு ஒரு வரி இல்லையே?"

"எல்லாருக்கும் தெரியட்டும்னுதான் சார்."

"அப்ப எல்லாரும் தெரிஞ்சுக்கிட்டாங்க. அவ்வளவுதான்."

கார்பன் தாளில் இருந்த கணக்கு

சிசி என்பது 'கார்பன் காப்பி' என்பதன் சுருக்கம். என் வயதுக்காரர்களுக்கு அது திரையில் இருக்கும் வெறும் இரண்டு எழுத்து. சாருக்கு அது விரல் நுனியில் ஒட்டிய நீல மை. தட்டச்சு இயந்திரத்தில் மேலே ஒரு நல்ல தாள், அதன்கீழ் கார்பன், அதன்கீழ் மெல்லிய தாள், மறுபடி கார்பன், மறுபடி தாள் என்று அடுக்கிச் சுருட்டி ஏற்றுவார்கள். நான்கைந்து தாளுக்கு மேல் அடுக்கினால் கடைசித் தாளில் எழுத்து மங்கிப்போகும். தப்பு வந்தால் ஒவ்வொரு தாளிலும் அழித்துத் திருத்த வேண்டும். ஆகவே, 'இவருக்கு நகல் வேண்டுமா' என்ற கேள்வியை உழைப்பே கேட்டுவிடும். வேண்டாதவருக்கு யாரும் அடிக்க மாட்டார்கள்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. இன்றைக்கும் தமிழ்நாட்டின் அரசுக் கடிதங்களில், செயல்முறை ஆணைகளில் நீங்கள் அதைப் பார்க்கலாம். கடிதத்தின் அடியில் 'நகல்' என்று போட்டு, பெறுவோர் பெயர்களை வரிசையாக எழுதியிருப்பார்கள். பெயரோடு நிற்காமல் அதன் பின்னால் ஒரு தொடரும் இருக்கும். மேலதிகாரிக்கு என்றால் 'தகவலுக்காகப் பணிந்து அனுப்பப்படுகிறது'. கீழ் அலுவலகத்துக்கு என்றால் 'தக்க நடவடிக்கைக்காக அனுப்பப்படுகிறது'. கடைசியில் அலுவலகத்துக்கென 'இருப்புக் கோப்பு'. யாருடைய பிரதியோ அவர் பெயருக்கு நேரே ஒரு டிக் அடித்துத்தான் உறையில் போடுவார்கள்.

அந்தத் தொடர் வெறும் மரியாதைக்காகப் போட்டது இல்லை என்று சார் சொன்னார். தபால் பிரிக்கும் இடத்தில் உட்கார்ந்திருப்பவர் அதைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார். 'தகவலுக்காக' என்றால் அதிகாரி பார்த்துக் கையெழுத்துப் போட்டதும் கோப்பில் போய்ச் சேரும். 'தக்க நடவடிக்கைக்காக' என்றால் ஒரு எண் விழும். ஒரு ஆள் பதில் சொல்லியாக வேண்டும். நான் அனுப்பிய மெயிலில் இந்த இரண்டில் எது என்று பதினெட்டுப் பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை. தெரியாதபோது மனிதர்கள் எளிதான பக்கம் சாய்வார்கள். 'நமக்குத் தகவலுக்குத்தான் போல' என்று பதினெட்டுப் பேரும் நினைத்திருக்கிறார்கள். அதற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது.

கணினி மெயிலுக்கு இந்தப் பழக்கம் பாதிதான் வந்து சேர்ந்தது. மின்னஞ்சலின் வடிவத்தை வரையறுத்த 1977-ம் ஆண்டு ஆவணத்திலேயே சிசி, பிசிசி இரண்டும் இருக்கின்றன. பெயர் எழுதும் இடம் வந்துவிட்டது. காரணம் எழுதும் இடம் வரவில்லை. அதை நாம்தான் மெயிலுக்குள் எழுத வேண்டும்.

இரண்டாவது மெயில்

அன்று மாலையே சார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மறுபடி எழுதினோம். முதல் வேலையாக, இந்தப் பிரச்னையில் உண்மையில் யார் கையில் என்ன இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதினோம். பீர்க்கன்கரணை முன்பு பேரூராட்சி. 2021-ல் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி ஆனபோது எங்கள் ஊரும் அதற்குள் வந்தது. ஆகவே, வடிகால் மாநகராட்சியின் வேலை. கம்பம் மின்வாரியத்தின் சொத்து. கம்பம் நகராமல் வடிகால் நகராது. வார்டின் மாமன்ற உறுப்பினருக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஆனால், கம்பத்தை அவர் நகர்த்த முடியாது. சங்கப் பொருளாளர் பகலில் வீட்டில் இருப்பவர். அதிகாரிகள் பார்க்க வந்தால் கூட நிற்கக்கூடியவர் அவர்தான்.

அவ்வளவுதான். பதினெட்டு நான்காகச் சுருங்கியது. மீதிப் பதினான்கு பேருக்கும் 'இவருக்கு எதற்கு' என்று ஒரு வரி எழுத முயன்றோம். 'இவர் பெரிய பதவியில் இருப்பதால்' என்பதைத் தவிர ஒன்றும் வரவில்லை. காரணம் எழுத வராத பெயர்களையெல்லாம் சார் அடித்துவிட்டார்.

To-வில் ஒரே ஒருவர்: வடிகால் வேலையைப் பார்க்கும் உதவிப் பொறியாளர். முதல் மெயிலில் ஐந்து பேரை To-வில் போட்டது என் பெரிய தப்பு. ஐந்து பேரிடம் ஒரே வேலையைச் சொன்னால் ஒவ்வொருவரும் மற்ற நால்வரைப் பார்ப்பார்கள். மெயிலின் பொருளிலேயே தெருப் பெயரும், 'மின்கம்பத்தால் நிற்கும் வடிகால் வேலை' என்பதும் வந்துவிட்டன. உள்ளே இரண்டு சிறிய பத்தி. எங்கே நிற்கிறது, என்ன கேட்கிறோம். கம்பத்தின் எண்ணையும் எழுதினோம். அடியில் இப்படி:

> நகல் பெறுவோர்
> மின்வாரியப் பிரிவு அலுவலகம்: கம்பத்தை நகர்த்துவதற்கான மதிப்பீடு தங்கள் அலுவலகத்திலிருந்து வர வேண்டியிருப்பதால். கம்ப எண் மேலே உள்ளது.
> மாமன்ற உறுப்பினர்: தகவலுக்காக மட்டும்.
> சங்கப் பொருளாளர்: இடத்தைப் பார்க்க வரும்போது உடன் இருப்பார் என்பதால். அவரது கைப்பேசி எண் கீழே.

இந்த நான்கு வரிகளில் நடப்பதைக் கவனியுங்கள். மின்வாரிய அலுவலகத்தில் இதைத் திறப்பவர் முழு மெயிலையும் படிக்க வேண்டியதில்லை. தன் அலுவலகப் பெயரைத் தேடி, அந்த வரியை மட்டும் படித்தாலே தன் பங்கு தெரிந்துவிடும். மாமன்ற உறுப்பினருக்குப் பதில் எழுத வேண்டுமோ என்ற சங்கடம் இல்லை. உதவிப் பொறியாளருக்கோ இன்னொன்றும் தெரிகிறது: மின்வாரியத்துக்கும் இவர்களே சொல்லிவிட்டார்கள், நாம் தனியாக எழுதிக் காத்திருக்க வேண்டாம்.

நான்காம் நாள் பொருளாளருக்குத்தான் போன் வந்தது. கம்ப எண் சரிதானா, எந்த நேரத்தில் வரலாம் என்று கேட்டார்கள். இரண்டு அலுவலகத்திலிருந்தும் ஒரே நாளில் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மதிப்பீடு தயாராகிறது என்று பதில் வந்திருக்கிறது. பள்ளம் இன்னும் மூடவில்லைதான். ஆனால், அடுத்து யாரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பது இப்போது எங்களுக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

சொல்லாமல் விட்டால் சிசி எப்படிக் கேட்கும்?

காரணம் எழுதாத சிசி சும்மா இருப்பதில்லை. படிப்பவர் தானே ஒரு காரணத்தைக் கற்பனை செய்துகொள்வார். பெரும்பாலும் அது மோசமான காரணமாகத்தான் இருக்கும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம். ஒரு விழாவின் புகைப்படங்களை எங்கள் புகைப்படக்காரர் அண்ணனிடம் மெயிலில் கேட்டேன். 'அண்ணா, படங்கள் மாலை 4 மணிக்குள் கிடைக்குமா?' என்று ஒரே வரி. பொறுப்பாசிரியருக்கு சிசி. எந்தப் படம் முகப்பில் வர வேண்டும் என்று அவர்தான் முடிவு செய்வார் என்பதால் போட்டேன். பத்து நிமிடத்தில் அண்ணன் என் மேசைக்கு முன்னால் நின்றார்.

"ஏன் தங்கச்சி, நான் என்ன லேட்டா பண்ணிட்டேன்? நேரா அவர்கிட்ட போட்டுக்கொடுக்கிற?"

எனக்கு வாயே எழவில்லை. அவரைப் பொறுத்தவரை அந்த மெயிலில் இருந்த செய்தி '4 மணி' அல்ல. மேலே இருக்கும் இன்னொரு பெயர்தான் செய்தி. அலுவலகங்களில் மேலதிகாரிக்கு சிசி போடுவதைப் பலர் மிரட்டலாகவே பயன்படுத்துவதால், அப்படிப் பயன்படுத்தாதவர்களின் சிசியும் அப்படியே கேட்கிறது. 'பொறுப்பாசிரியருக்கு நகல், முகப்புப் படத்தை அவர் தேர்வு செய்வதற்காக' என்று ஒரு வரி சேர்த்திருந்தால் அண்ணன் எழுந்து வந்திருக்க மாட்டார். அவர் என்னிடம் பழையபடி பேச ஒரு வாரம் ஆனது.

இந்த வரி நமக்கும் ஒரு சோதனை. உண்மையிலேயே மிரட்டுவதற்காகத்தான் மேலதிகாரியைச் சேர்க்கிறோம் என்றால், அதை எழுத்தில் எழுதக் கை வராது. 'உங்கள் மேலாளருக்கு நகல், நீங்கள் பயப்படுவதற்காக' என்று யார் எழுதுவார்கள்? எழுத முடியாவிட்டால் அந்தப் பெயரை எடுத்துவிடுங்கள். முதலில் அந்த ஆளிடமே பேசுங்கள். பேசியும் நடக்கவில்லையென்றால், அப்போது நேர்மையான ஒரு வரி எழுத முடியும்: '10-ம் தேதியும் 17-ம் தேதியும் கேட்டோம். தேதி நெருங்குவதால் முடிவுக்காக மேலாளரையும் சேர்த்திருக்கிறேன்.' இதில் ஒளிவுமறைவு இல்லை. கடுமையாக இருந்தாலும் யாரும் முதுகில் குத்தியதாகச் சொல்ல முடியாது.

எங்கே எழுதுவது? முறையான கடிதம் என்றால் அடியில், அரசுக் கடிதம்போல. அன்றாட அலுவலக மெயில் என்றால் முதல் வரியிலேயே எழுதுவது நல்லது. கைப்பேசியில் படிப்பவர்கள் அடிவரை போவதில்லை. பேச்சின் நடுவில் புதிதாக ஒருவரைச் சேர்த்தால் அதைச் சொல்லியே ஆக வேண்டும். அதுவரை நான்கு பேர் பேசியதெல்லாம் கீழே தொங்கிக்கொண்டிருக்கும். புதியவர் அதை முழுக்கப் படிப்பார். சேர்க்கும் முன் நாமும் ஒருமுறை கீழே வரை போய்ப் பார்த்துவிட வேண்டும்.

பிசிசி: உறையில் மட்டும் இருக்கும் பெயர்

இரண்டாவது மெயில் போன பிறகு சார் ஒரு டம்ளர் காபியோடு வேறு ஒன்றைச் சொன்னார். அதைச் சொல்வது அவருக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது.

போன வருடம் சந்தா பாக்கி வைத்திருந்த பத்தொன்பது வீடுகளுக்கு அவர் ஒரு நினைவூட்டல் மெயில் அனுப்பினார். எல்லா முகவரியும் To-வில். மரியாதையான மெயில்தான். ஆனால், பாக்கி வைத்திருப்பவர்களின் பட்டியலை அந்தப் பத்தொன்பது பேருக்கும் அவரே அச்சடித்துக் கொடுத்ததுபோல ஆகிவிட்டது. ஒருவர் 'Reply all' கொடுத்து, 'இவரே கட்டலையா, அப்ப நான் ஏன் கட்டணும்?' என்று எழுதினார். அந்த 'இவர்', மனைவியின் மருத்துவச் செலவால் இரண்டு மாதம் தவறவிட்ட ஒரு பெரியவர். அடுத்த நாளே பணத்தைக் கட்டினார். அதற்குப் பிறகு சங்கக் கூட்டத்துக்கு வரவே இல்லை.

"டைப்ரைட்டர்ல நாப்பது வருஷம் வேலை பாத்தவன்மா நான். அந்த பிசிசி எனக்குத் தெரியாம இல்ல. மறந்துட்டேன், அவ்வளவுதான்" என்றார் சார்.

தட்டச்சு இயந்திரத்தில் இதற்கு வழி இருந்தது. கடிதத்தை அடித்து முடித்ததும் மூலத் தாளை உருவிவிடுவார்கள். பிறகு கீழே இருக்கும் பிரதியில் மட்டும் அந்த மறைவுப் பெயரை அடிப்பார்கள். மூலத்தைப் பெற்றவருக்கு அப்படி ஒரு பிரதி போனதே தெரியாது.

மெயிலில் நடப்பதும் ஏறக்குறைய அதேதான். நம் மெயிலைச் சுமந்துபோகும் சர்வர்கள் கடிதத்தின் மேலே எழுதியிருப்பதைப் பார்த்துக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்லை. யார் யாருக்குச் சேர வேண்டும் என்ற பட்டியல் தனியாகப் போகிறது. தபால் உறைமேல் இருக்கும் முகவரி மாதிரி. பிசிசியில் போட்ட பெயர் உறையில் இருக்கும். உள்ளே இருக்கும் கடிதத்தில் இருக்காது. To-வும் சிசியும் உறையிலும் இருக்கும், கடிதத்திலும் இருக்கும். அதனால்தான் எல்லோரும் பார்க்கிறார்கள்.

இதிலிருந்தே பிசிசியின் ஓட்டையும் புரியும். பிசிசியில் இருக்கும் ஒருவர் 'Reply all' அழுத்தினால் அவர் பதில் To, சிசியில் இருக்கும் எல்லோருக்கும் போய்விடும். 'இவர் எப்படி இங்கே?' என்று எல்லோரும் நிமிர்ந்து பார்ப்பார்கள். ஒளித்து வைத்தவரும் மாட்டுவார், ஒளிந்திருந்தவரும் மாட்டுவார். யாருக்கும் தெரியாமல் மேலாளரைப் பிசிசியில் உட்காரவைக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். அவருக்குத் தெரிய வேண்டும் என்றால், அனுப்பிய மெயிலைத் தனியாக அவருக்கு 'Forward' செய்து, எதற்கென்று ஒரு வரி எழுதினால் போதும். அதில் அவர் 'Reply all' கொடுத்தாலும் பதில் உங்களுக்குத்தான் வரும்.

245 பேர், ஒரு கட்டம்

சார் வீட்டுச் சம்பவத்தில் போனது ஒரு பெரியவரின் மனசு. அதே தவறு வேறு இடத்தில் உயிரோடு விளையாடியிருக்கிறது.

2021 ஆகஸ்ட் 15 அன்று காபூல் தாலிபான்களின் கைக்குப் போனது. பிரிட்டிஷ் படைகளோடு மொழிபெயர்ப்பாளர்களாகவும் மற்ற வேலைகளிலும் இருந்த ஆப்கானியர்கள் பலர் தப்பிக்க வழியில்லாமல் ஒளிந்திருந்தார்கள். அவர்களை மீட்டுக் குடியமர்த்தும் திட்டத்தைப் பிரிட்டன் பாதுகாப்பு அமைச்சகம் நடத்திவந்தது. செப்டம்பர் 20 அன்று அந்தக் குழு, வெளியேறத் தகுதி பெற்றவர்களின் பட்டியலுக்கு ஒரு மெயில் அனுப்பியது. பிசிசியில் போயிருக்க வேண்டிய முகவரிகள் To-வில் போயின. 245 பேர் ஒருவரையொருவர் பார்த்தார்கள். 55 பேரின் கணக்கில் முகப் படமும் இருந்தது. இரண்டு பேர் எல்லோருக்கும் போகும்படி பதில் அனுப்பினார்கள். அவர்களில் ஒருவர் தான் இருக்கும் இடத்தையே எழுதியிருந்தார். அந்தப் பட்டியல் தாலிபான்களிடம் சிக்கினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

தவறு தெரிந்ததும் அமைச்சகம் அந்த மெயிலை அழிக்கவும், மெயில் முகவரியையே மாற்றவும், புதிய முகவரியைப் பாதுகாப்பான படிவத்தின் வழியே தெரிவிக்கவும் சொன்னது. பிறகு விசாரித்தபோது அதே மாதம் 7-ம் தேதியும் 13-ம் தேதியும் இதேபோல நடந்திருந்தது தெரிந்தது. மூன்றையும் சேர்த்து 265 முகவரிகள். பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் 2023 டிசம்பரில் அமைச்சகத்துக்கு 3,50,000 பவுண்டு அபராதம் விதித்தது.

இதில் நான் முக்கியமாக நினைப்பது அபராதத் தொகையை அல்ல. 'பிசிசியில் போட மறந்துவிட்டார்கள்' என்று அந்த அலுவலகம் விஷயத்தை முடித்துவிடவில்லை. மனிதர் ஒருவர் சரியான கட்டத்தைத் தேர்ந்தெடுப்பதை மட்டுமே நம்பி இவ்வளவு ஆபத்தான பட்டியலை வைத்திருந்ததே தவறு என்றது. பிசிசியும் To-வும் திரையில் ஒரு விரல் அகல இடைவெளியில் இருக்கின்றன. அவசரத்தில் கை மாறத்தான் செய்யும். ஆளுக்கு ஒரு மெயிலாகப் பிரித்து அனுப்பும் முறைகள் இருக்கின்றன. அவற்றில் ஒருவர் முகவரி இன்னொருவரிடம் போக வாய்ப்பே இல்லை. அமைச்சகம் பிறகு கொண்டுவந்த மாற்றங்களில் ஒன்று, இப்படிப் பலருக்குப் போகும் மெயிலை அனுப்பும் முன் இரண்டாவது ஆள் ஒருவர் பார்க்க வேண்டும் என்பது.

ஆகவே, எனக்கு நானே வைத்துக்கொண்டிருக்கும் அளவுகோல் இது. முகவரி தெரிந்தால் சங்கடம் மட்டும்தான் என்றால் பிசிசி போதும். பட்டியலில் இருப்பதே ஒரு ரகசியம் என்றால் பிசிசி போதாது. பாக்கி வைத்தவர்கள், ஒரு நோய்க்குச் சிகிச்சை எடுப்பவர்கள், புகார் கொடுத்தவர்கள் ஆகியோருக்கெல்லாம் தனித்தனியாகத்தான் அனுப்ப வேண்டும். பத்தொன்பது மெயில் அனுப்ப அரை மணி நேரம் ஆகும். ஆகட்டும்.

பிசிசிக்கும் ஒரு வரி

பிசிசி நல்லபடியாகப் பயன்படும் இடங்களும் உண்டு. எங்கள் சங்கத்திலேயே 'வெள்ளிக்கிழமை தொட்டி சுத்தம் செய்கிறோம், காலையில் தண்ணீர் வராது' என்பதுபோன்ற அறிவிப்புகள் எல்லா வீட்டுக்கும் போக வேண்டும். இதற்கு பிசிசி சரியான இடம். To-வில் சங்கத்தின் சொந்த முகவரியைப் போட்டுவிடுங்கள். அந்தக் கட்டம் காலியாக இருக்கும் மெயிலைச் சில இடங்களில் ஸ்பேம் என்று ஒதுக்கிவிடுவார்கள். கூடவே முதல் வரியில் இப்படி எழுதுங்கள்: 'சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும். முகவரிகள் வெளியே தெரியாமல் இருக்க பிசிசியில் அனுப்பியிருக்கிறேன். பதில் எழுதினால் எனக்கு மட்டும் வரும்.' இந்த வரி இல்லாவிட்டால், மெயிலைப் பார்ப்பவருக்கு இது தனக்கு மட்டும் வந்ததா, ஊருக்கே வந்ததா என்று குழப்பம். 'எனக்கு மட்டும் ஏன் சொல்றீங்க?' என்று போன் வரும். எங்களுக்கு வந்திருக்கிறது.

இன்னொரு இடம், அறிமுகம். ஒருவர் உங்களையும் இன்னொருவரையும் மெயிலில் அறிமுகப்படுத்தி வைக்கிறார். அதற்குப் பிறகு நீங்கள் இருவரும் தேதி பார்ப்பது, நேரம் மாற்றுவது என்று பத்து மெயில் எழுதுவீர்கள். அறிமுகம் செய்தவருக்கு அந்தப் பத்தும் எதற்கு? முதல் பதிலில் அவரை பிசிசிக்கு மாற்றி, 'அறிமுகத்துக்கு நன்றி சார். இனி உங்கள் இன்பாக்ஸ் நிறையாமல் இருக்க உங்களை பிசிசிக்கு மாற்றியிருக்கிறேன்' என்று எழுதினால், பேச்சு தொடங்கிவிட்டது என்று அவருக்குத் தெரிந்துவிடும். அடுத்த பதிலிலிருந்து அவருக்கு எதுவும் போகாது. இங்கே பிசிசி வெளிப்படையாக நடக்கிறது. அதனால் யாருக்கும் உறுத்தல் இல்லை.

கை தவறுவதைக் குறைக்க நான் பின்பற்றுபவை மூன்று. மெயிலை எழுதி முடித்த பிறகுதான் முகவரிகளைப் போடுவேன். பாதியில் கை பட்டாலும் போக இடம் இருக்காது. கணினியில் ஜிமெயில் அமைப்புகளுக்குள் 'Undo Send' என்று இருக்கிறது. வழக்கமாக 5 விநாடி இருக்கும். அதை 30 விநாடிக்கு மாற்றி வைத்திருக்கிறேன். அனுப்பிய அரை நிமிடத்துக்குள் திரும்ப எடுத்துவிடலாம். பிறகு, ஜிமெயிலில் பிசிசிக் கட்டம் தானாகத் திறந்திருக்காது. கணினியில் To வரிசையின் ஓரத்தில் Bcc என்று சிறியதாக இருக்கும். கைப்பேசியில் To-வுக்குப் பக்கத்தில் இருக்கும் அம்புக்குறியைத் தட்ட வேண்டும். பலருக்கு அனுப்ப உட்கார்ந்தால் முதலில் அதைத் திறந்து வைத்துவிடுவேன். கட்டம் கண்ணில் பட்டால்தான் நினைவுக்கு வரும்.

போன மாதம் சந்தா நினைவூட்டல் அனுப்பும் நாள் வந்தது. இந்த முறை பதினொரு வீடு. சார் ஒவ்வொன்றாக அனுப்பினார். ஒவ்வொன்றிலும் கடைசி வரி: 'இந்த மெயில் தங்களுக்கு மட்டும் அனுப்பப்படுகிறது. யாருக்கும் நகல் இல்லை.'

அந்தப் பெரியவருக்கு இந்த முறை பாக்கி எதுவும் இல்லை. ஆனாலும் அவருக்கும் சார் தனியாக ஒரு மெயில் எழுதினார். போன வருடத்து மெயிலுக்காக. அதில் என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது. நகல் யாருக்கும் போகவில்லை.